ஓடாத எட்டு நாட்களை அறிக்கையில் எப்படிச் சொல்வது?

கேள்வி

"அக்கா, நான் ஹட்டன் பக்கம். வீட்டிலிருந்தே நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு பேஸ்புக் விளம்பரம் பார்த்துக் கொடுக்கிறேன். ஏப்ரல் சீசனுக்காக மார்ச் 16 முதல் ஏப்ரல் 12 வரை 28 நாட்கள் போட்டோம். கொழும்புக்கு ஒரு அட் செட், யாழ்ப்பாணத்துக்கு ஒரு அட் செட், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 5 டொலர். வட்ஸ்அப்பில் 96 பேர் விசாரித்தார்கள். போன வருடம் வேறொருவர் அதே 28 நாட்களில் 280 டொலருக்கு 140 பேரைக் கொண்டுவந்தாராம். 'உன் விளம்பரம் சரியில்லை, 280 டொலரும் போச்சு, யாழ்ப்பாணம் வீண், பாதிச் சம்பளம்தான்' என்கிறார் முதலாளி. அறிக்கை கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கணக்கில் அவர் போட்டிருந்த 500 டொலர் வரம்பு முடிந்து விளம்பரம் நின்றிருக்கிறது, அவர் அதை 750 ஆக்கியிருக்கிறார். பிறகு கார்டில் பணம் எடுபடாமல் இன்னொரு தடவை நின்றிருக்கிறது. அந்த நேரம் அவருடைய மருமகன் யாழ்ப்பாண அட் செட்டை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் கேம்பெயின் ஓன் என்றுதான் இருந்தது. நின்ற நாட்களை எடுத்துவிட்டுப் புது அறிக்கை கொடுக்கலாமா? பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? சீசன் முடியும் வரை விளம்பரம் தொடர வேண்டுமாம். நாள்வாரி ஷீட்டை இணைத்திருக்கிறேன்."

பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஷீட்டை வரி வரியாகப் பார்த்தேன். உங்கள் விளம்பரம் மோசமில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த அறிக்கை முதலாளியைத் தவறாக நினைக்க வைத்திருக்கிறது. அதைச் சரிசெய்ய நாட்களை எடுத்துவிடுவது வழியல்ல. நின்ற நாட்கள் அறிக்கைக்குள்ளேயே இருக்க வேண்டும், நின்றவை என்ற பெயரோடு.

முதலில், ஓன் என்று இருந்ததே என்ற உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். கேம்பெயினுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நீலச் சுவிட்ச், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதைத்தான் காட்டும். விளம்பரம் உண்மையில் யார் கண்ணிலாவது படுகிறதா என்பதை அது காட்டாது. வரம்பு முடிந்தாலோ கட்டணம் எடுபடாவிட்டாலோ நிற்பது கேம்பெயின் இல்லை, மேலே இருக்கும் கணக்கு. கணக்கு நின்றால் அதன் கீழே உள்ள எல்லாம் நின்றுவிடும், ஆனால் சுவிட்சை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் எல்லா லைட்டும் போட்டபடி இருக்க, வெளியே மெயின் சுவிட்ச் விழுந்த மாதிரி. அப்படிப்பட்ட நாளில் பார்க்க வேண்டியது சுவிட்சை இல்லை, `Delivery` என்ற நிரலையும் நேற்றைய செலவையும்தான்.

அப்புறம், விளம்பரம் நின்ற மறுநாளே வட்ஸ்அப் மௌனமாகிவிடாது. முதல் நாள் பார்த்து வைத்தவர்கள் இரண்டொரு நாள் கழித்து வீட்டில் பேசி முடிவெடுத்து விசாரிப்பார்கள். அதனால்தான் மார்ச் 26இல் கெஸ்ட் ஹவுஸிலும் யாருக்கும் உறைக்கவில்லை.

காணாமல் போன வரிகள்

உங்கள் ஷீட்டில் 28 நாட்களுக்கு 20 வரிகள்தான் இருக்கின்றன. இது உங்கள் தவறு இல்லை. நாள்வாரியாகப் பிரித்து இறக்கும்போது, விளம்பரம் ஒருவருக்கும் காட்டப்படாத நாளுக்கு பூச்சியம் என்று ஒரு வரி வராது. வரியே வராது. அதனால் மார்ச் 25க்கு அடுத்த வரி மார்ச் 30ஆக இருக்கிறது, ஏப்ரல் 4க்கு அடுத்தது ஏப்ரல் 9. அதைக் கொண்டு நீங்கள் போட்ட கோட்டுப்படத்தில் 25ஐயும் 30ஐயும் கோடு நேராக இணைத்துவிட்டது. பார்ப்பவருக்கு அங்கே ஓட்டை இருப்பதே தெரியாது.

சராசரியிலும் இதே வலை விழுந்திருக்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் நாளுக்கு 3.4 விசாரணை என்று எழுதியிருக்கிறீர்கள். அது 96ஐ 28ஆல் வகுத்தது. கீழே ஷீட்டில் `AVERAGE` போட்ட இடத்தில் 4.8 வந்திருக்கிறது. அது இருக்கிற 20 வரிகளால் வகுத்தது. ஒரே அறிக்கையில் இரண்டு சராசரி, இரண்டும் எதைச் சொல்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. முதலாளி தனக்குப் புரிந்ததை எடுத்துக்கொண்டார்.

ஆகவே முதல் வேலை, இறக்கிய ஷீட்டை அப்படியே பயன்படுத்தாமல், இன்னொரு பக்கத்தில் 28 திகதிகளையும் நீங்களே A நிரலில் எழுதுவது. இறக்கிய ஷீட்டுக்கு `Export` என்று பெயர் வைத்து, அதன் A நிரலில் திகதியும் B நிரலில் செலவும் இருக்கச் செய்யுங்கள். பிறகு அன்றைய செலவைப் புதுப் பக்கத்தின் B நிரலுக்கு இழுத்து, இல்லாத நாளுக்கு 0 வரச் செய்யுங்கள். D நிரலில் அன்று செலவாகியிருக்க வேண்டிய தொகை. C நிரலில் அடையாளம்.

```
B2: =IFERROR(VLOOKUP(A2,Export!A:B,2,FALSE),0)
C2: =IF(B2=0,"நின்றது",IF(B2<D2*0.5,"பாதி நாள்","ஓடியது"))
```

பாதி நாள் என்று தனியாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. வரம்பு நள்ளிரவில் பார்த்து முடிவதில்லை. பகல் 2 மணிக்கு முடிந்தால் அன்றைய வரி இருக்கும், ஆனால் எண் சிறுத்திருக்கும். முழுதாக நின்ற நாளை விட இந்த நாள்தான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் விளம்பரம் அன்று சோர்ந்துபோன மாதிரியே தெரியும். உங்கள் ஷீட்டில் நிறுத்தங்கள் ஏறத்தாழ நாள் எல்லையிலேயே விழுந்திருப்பதால் நான் முழு நாட்களாகவே கணக்கிட்டிருக்கிறேன்.

இதை அட் செட் அட் செட்டாக, ஒவ்வொன்றின் வரிகளையும் தனியாக இறக்கிச் செய்யுங்கள், மொத்தக் கணக்குக்கு மட்டும் செய்ய வேண்டாம். ஏப்ரல் 9 முதல் கொழும்பு மட்டும் ஓடியது, நாளுக்கு 5 டொலர். மொத்தமாகப் பார்த்தால் 10இல் 5 செலவாகியிருக்கிறது, அது பாதிக்குக் குறைவில்லை, சூத்திரம் ஓடியது என்றே சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தைத் தனியாகப் பார்த்தால்தான் நான்கு நாட்கள் பூச்சியம் தெரியும்.

எது நின்றது, எதனால் நின்றது

பூச்சியம் என்பது ஓர் அறிகுறிதான், காரணம் இல்லை. விளம்பரம் நிராகரிக்கப்பட்டாலும் பூச்சியம் வரும். எனவே சூத்திரம் தரும் நின்றது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காரணம் எழுதுவதற்கு முன் மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள்.

எல்லா அட் செட்டும் ஒரே நேரத்தில் பூச்சியமானால், கணக்கு மட்டத்தில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். `Billing & payments` பக்கத்தில் `Account spending limit` எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாகிவிட்டது என்று இருக்கும். எடுபடாத கட்டணங்களும் திகதியோடு அங்கேயே இருக்கும். ஒன்று மட்டும் பூச்சியமாகி மற்றது ஓடினால், `Activity history`ஐத் திறந்து அந்த அட் செட்டை யார், எத்தனை மணிக்கு நிறுத்தினார் என்று பாருங்கள். மருமகனின் பெயர் அங்கே இருக்கும். யாரையும் மாட்டிவிடுவதற்காகச் சொல்லவில்லை. அறிக்கையில் திகதியைச் சரியாக எழுதுவதற்காகச் சொல்கிறேன்.

வரம்பைப் பற்றி முதலாளி ஒன்றைத் தவறாகப் புரிந்திருக்கலாம். அந்த 500 டொலரை மாத வரம்பு என்று நினைத்துப் போடுபவர்கள் நிறையப் பேர். மாதந்தோறும் புதிதாகத் தொடங்கும்படி அமைக்காவிட்டால், அது போட்ட நாளிலிருந்து கூடிக்கொண்டே போகும் மொத்த வரம்பு. உங்கள் ஷீட்டின் மேல் மூலையில், மார்ச் 16க்கு முன்பே அதில் 400 டொலர் செலவாகியிருந்தது என்று குறித்திருக்கிறீர்கள். மீதி 100, நாளுக்கு 10. பத்தாம் நாளான மார்ச் 25 இரவு எல்லாம் நிற்கும் என்பதை மார்ச் 15 அன்றே சொல்லியிருக்கலாம். நிறுத்தங்களில் முன்கூட்டியே தெரியக்கூடியது இது ஒன்றுதான், அதனால்தான் இதைத் தவறவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கார்ட் விஷயம் அப்படி இல்லை. மெட்டா ஒவ்வொரு நாளும் பணம் எடுப்பதில்லை. செலவு ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டும்போதும், மாதத்தில் ஒரு பில் திகதியிலும் எடுக்கும். அந்த வேளையில் கார்டில் மீதி குறைந்திருந்தாலோ, வெளிநாட்டு ஒன்லைன் கட்டணத்துக்கு வங்கி அனுமதி கொடுத்திராவிட்டாலோ, கார்ட் காலாவதியாகியிருந்தாலோ எடுபடாது. நிலுவையைக் கட்டும் வரை விளம்பரம் நிற்கும். அது பற்றிய மின்னஞ்சல் கணக்கின் பொறுப்பாளருக்குப் போகும். கேம்பெயினை நடத்த மட்டும் அனுமதி பெற்ற உங்களுக்கு வரும் என்று நம்பியிருக்க முடியாது.

உங்கள் எண்கள் உண்மையில் சொல்வது

மார்ச் 16 முதல் 25 வரை 10 நாட்கள், 100 டொலர், 50 விசாரணைகள். அடுத்த நான்கு நாட்கள் செலவு பூச்சியம். மார்ச் 30 முதல் ஏப்ரல் 4 வரை 6 நாட்கள், 60 டொலர், 36 விசாரணைகள். மறுபடி நான்கு நாட்கள் செலவு பூச்சியம். ஏப்ரல் 9 முதல் 12 வரை கொழும்பு மட்டும், 20 டொலர், 10 விசாரணைகள்.

மொத்தச் செலவு 180 டொலர். 280 டொலரும் போச்சு என்று முதலாளி சொல்வது சரியில்லை. ஓடாத நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அந்த 100 டொலர் அவரிடமேதான் இருக்கிறது. 180க்கு 96 என்றால் ஒரு விசாரணைக்கு 1.88 டொலர். போன வருடம் 280க்கு 140, ஒன்றுக்கு 2 டொலர். கொடுத்த காசுக்கு நீங்கள் போன வருடத்தைவிடச் சற்று மலிவாகவே கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்தச் சிறு வித்தியாசத்தை வெற்றி என்று கொண்டாட வேண்டாம், சமம் என்று சொன்னால் போதும்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கொழும்பு 53, யாழ்ப்பாணம் 43. இதைப் பார்த்துத்தான் வீண் என்கிறார். ஆனால் கொழும்பு 20 நாட்கள் ஓடி 100 டொலர் செலவழித்தது. யாழ்ப்பாணம் 16 நாட்கள் ஓடி 80 டொலர்தான் செலவழித்தது. கொழும்பில் ஒன்றுக்கு 1.89, யாழ்ப்பாணத்தில் 1.86. இரண்டும் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து ஓடிய 16 நாட்களை மட்டும் எடுத்தாலும் இரண்டுக்கும் 43, 43 வருகிறது. யாழ்ப்பாணத்தை நிறுத்தும் முடிவை அவர் இந்த எண்ணை வைத்து எடுத்தால் அது பெரிய நஷ்டம்.

இங்கே என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் ஒரு கடைக்கு மாத அறிக்கை செய்தேன். இரண்டாம் மாதம் விற்பனை விசாரணை விழுந்திருந்தது. படம் பழசாகிவிட்டது, மக்களுக்குச் சலித்துவிட்டது என்று நான் உறுதியாக எழுதிக் கொடுத்தேன், அவர்கள் காசு செலவழித்துப் புதுப் படம் எடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த மாதத்தில் ஒரு வாரம் கார்ட் காலாவதியாகி விளம்பரமே ஓடவில்லை. நல்ல விளம்பரத்தை என் அறிக்கை கொன்றுவிட்டது. அதிலிருந்து ஓடிய நாட்களை எண்ணாமல் நான் ஒரு ஒப்பீடும் எழுதுவதில்லை.

அறிக்கையில் எங்கே, எப்படி

கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பாக இதைப் போட வேண்டாம். 96 என்ற எண் எங்கே வருகிறதோ அதற்கு மேலேயே வர வேண்டும், ஏனென்றால் 96ஐப் பார்த்த கணத்தில் முதலாளி மனதில் ஒப்பிட்டு முடித்துவிடுவார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"திட்டமிட்ட 28 நாட்களில் விளம்பரம் 20 நாட்கள் ஓடியது. மார்ச் 26–29: கணக்கின் 500 டொலர் வரம்பு முடிந்ததால் முழுதும் நின்றது, வரம்பை உயர்த்தியபின் 30ஆம் திகதி தொடங்கியது. ஏப்ரல் 5–8: கார்ட் கட்டணம் எடுபடாததால் முழுதும் நின்றது, நிலுவை கட்டியபின் 9ஆம் திகதி தொடங்கியது. யாழ்ப்பாண அட் செட் ஏப்ரல் 5இல் கையால் நிறுத்தப்பட்டது, 12ஆம் திகதி வரை மீண்டும் தொடங்கப்படவில்லை. திட்டம் 280 டொலர், செலவு 180 டொலர்."

அதன் கீழே 96, ஒரு விசாரணைக்கு 1.88. சராசரி கொடுத்தால் ஓடிய நாளுக்கு 4.8 என்று எந்த நாளால் வகுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கோட்டுப்படத்தில் நின்ற எட்டு நாட்களுக்கும் பின்னால் சாம்பல் நிறம் போட்டு, கோடு அங்கே அறுந்தே இருக்கட்டும். பில் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட் ஒன்றை இணைத்துவிடுங்கள், கார்ட் இலக்கத்தை மறைத்துவிட்டு.

நாட்களை நீக்கிவிட்டு 20 நாள் அறிக்கை கொடுப்பது ஏன் சரியில்லை என்றால், விருந்தாளி வரவேண்டிய எட்டு நாட்கள் அவருடைய வியாபாரத்தில் உண்மையாகவே போய்விட்டன. அதைக் காட்டாத அறிக்கை உங்களைக் காப்பாற்றும், ஆனால் அடுத்த சீசனில் அதே வரம்பு அதே இடத்தில் இருக்கும்.

எத்தனை விசாரணைகள் தவறிப்போயிருக்கும் என்று அவர் கேட்பார். நின்ற நாளுக்கு முன்னும் பின்னும் இருந்த வேகத்தைக் கொண்டு ஒரு வீச்சாகச் சொல்லலாம். இரண்டு அட் செட்டும் ஓடியபோது நாளுக்கு 5 முதல் 6 வந்தது. எட்டு நாட்களுக்கு 40 முதல் 48. யாழ்ப்பாணம் மட்டும் நின்ற கடைசி நான்கு நாட்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 12. ஆக 50இலிருந்து 60 வரை. இதை மதிப்பீடு என்று தனிப் பத்தியில் எழுதுங்கள், 96உடன் ஒருபோதும் கூட்டிக் காட்ட வேண்டாம். சீசன் நெருங்க நெருங்க வேகம் மாறும், விளம்பரம் இல்லாமலே நேரே அழைத்தவர்களும் இருப்பார்கள்.

பணத்தைப் பற்றி

கார்டும் வரம்பும் முதலாளியின் கையில் இருந்தவை. ஆனால் நாளுக்கு ஒரு தடவை செலவைப் பார்ப்பது உங்கள் வேலை. மார்ச் 26 நின்றதை 27 காலையில் நீங்கள் கண்டிருக்க வேண்டும். அதை ஒளிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால் மீதியைத் தைரியமாகப் பேசலாம். சம்பளத்தில் பாதியை வெட்ட ஒப்புக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் அவர் வெட்டுவது விளம்பரம் சரியில்லை என்ற காரணத்துக்காக, அந்தக் காரணம் எண்களில் இல்லை. அதற்குப் பதிலாக, செலவாகாத 100 டொலரை இந்த மாதக் கடைசி வரை மேலதிகச் சம்பளம் இல்லாமல் நடத்தித் தருகிறேன் என்று சொல்லுங்கள். எனக்கு இது இரு பக்கத்துக்கும் நியாயமாகப் படுகிறது. அதோடு, கட்டண மின்னஞ்சல் வந்தால் அன்றே உங்களுக்கு அனுப்புவது, சொல்லாமல் எதையும் நிறுத்துவதில்லை என்ற இரண்டையும் வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருமகனுக்கும் சேர்த்துத்தான்.

தொடர்ந்து நடத்தும்போது யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு கவனம். ஓர் அட் செட் 7 நாட்கள் அல்லது அதற்கு மேல் நிறுத்தப்பட்டிருந்தால், மறுபடி போடும்போது மெட்டா அதைப் புதிதாகக் கற்கத் தொடங்கும். ஏறத்தாழ 50 விசாரணை வரும் வரை செலவு ஏறி இறங்கும். உங்கள் பட்ஜெட்டில் அது சீசன் முடியும் வரையுமே நீடிக்கலாம். இரண்டு மூன்று நாட்களில் விலை கூடிவிட்டது என்று பதறி நிறுத்திவிடாதீர்கள். அறிக்கையிலும் அந்த நாட்களுக்கு, நிறுத்தத்துக்குப் பின் மீண்டும் தொடங்கியது என்று ஒரு குறிப்பு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கடிதம் கிடைத்த அன்றே இதை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் எழுதுகிறேன். 750 என்பதும் மொத்த வரம்புதான். முந்தைய 400உம் இந்த 180உம் சேர்ந்து 580 ஆகிவிட்டது, மீதி 170. இரண்டு அட் செட்டும் ஏப்ரல் 13இலிருந்து ஓடினால் 17 நாட்கள். ஏப்ரல் 29 இரவு, யாரும் எதையும் தொடாமலே, கணக்கு மறுபடி நின்றுவிடும். வரம்பை உயர்த்தச் சொல்லி முதலாளியிடம் இப்போதே கேளுங்கள், இந்த மீதி நாட்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு வார அறிக்கையின் முதல் வரியிலும் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா